மாறாத தவணையும் குறைந்துவரும் வட்டியும்: தொழில் கடன் அட்டவணையை வாசிக்கும் முறை

வங்கியில் வாங்கிய தொழில் கடனுக்கு மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டுகிறோம். ஆனால் அந்தத் தொகைக்குள் இருக்கும் வட்டி மாதத்துக்கு மாதம் குறைகிறது, அசல் கூடுகிறது. லாபத்திலிருந்து கழிக்க முடிவது வட்டியை மட்டும்தான். இந்த மூன்று வாக்கியங்களில் அடங்கிவிடுகிற செய்தி, ஐந்து ஆண்டுக் கணக்கில் என்னவெல்லாம் செய்கிறது என்பதை ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுவதுமாகப் பார்ப்போம்.

கல்லிடைக்குறிச்சியில் அக்காவும் தம்பியும் கூட்டு நிறுவனமாக அப்பளத் தொழில் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். உளுந்து மாவைப் பிசைந்து தேய்த்து வட்டமாக்கிய அப்பளம் உலர வெயில் வேண்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தாமிரபரணிக் கரை ஊர்களில் மழை பிடித்துக்கொண்டால், களத்தில் பாய் விரிக்க வழியில்லாமல் வேலை நின்றுவிடும். அதற்காக அவர்கள் 12,50,000 ரூபாய்க்கு ஓர் உலர்த்தும் இயந்திரம் வாங்குகிறார்கள். இந்த விலை ஜி.எஸ்.டி. சேர்ந்தது. அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால், இயந்திரத்துக்குச் செலுத்திய வரியை அவர்கள் வரவாக எடுத்துக்கொள்ள முடியாது. அது இயந்திரத்தின் விலையோடு சேர்ந்துவிடுகிறது. 2,50,000 ரூபாயைக் கைப்பணமாகப் போட்டு, மீதி 10,00,000 ரூபாயை வங்கியில் தவணைக் கடனாக வாங்குகிறார்கள். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு, காலம் 60 மாதம். கடன் தொகை 2024 அக்டோபர் 1 அன்று கைக்கு வருகிறது, முதல் தவணை நவம்பர் 1, அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி. வங்கி குறித்த மாதத் தவணை 22,244 ரூபாய்.

ஒரு தவணைக்குள் இருக்கும் இரண்டு தொகைகள்

ஆண்டுக்கு 12 விழுக்காடு என்பது நம் பக்கத்து வழக்கில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். ஊருக்குள் கைமாற்றாக வாங்கும் கடனில் பெரும்பாலும் வட்டியை மட்டும் மாதாமாதம் கொடுத்துவிட்டு, அசலை என்றாவது ஒருநாள் மொத்தமாகத் திருப்பித் தருவார்கள். அங்கே 10,00,000 ரூபாய்க்கு மாதம் 10,000 ரூபாய் என்பது அசலைத் திருப்பும் நாள்வரை மாறாது. வங்கியின் தவணைக் கடன் அப்படியல்ல. ஒவ்வொரு தவணையிலும் கொஞ்சம் அசலும் திரும்பிவிடுகிறது. அடுத்த மாதத்து வட்டி, திரும்பியது போக மீதி நிற்கும் அசலுக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது.

முதல் மாதத்தைப் பார்ப்போம். அக்டோபர் மாதம் முழுவதும் 10,00,000 ரூபாய் நிலுவையில் இருந்தது, அதற்கு வட்டி 10,000 ரூபாய். நவம்பர் 1 அன்று 22,244 ரூபாய் கட்டும்போது, அதிலிருந்து முதலில் இந்த 10,000 ரூபாய் வட்டிக்குப் போகிறது. மிச்சம் 12,244 ரூபாய் அசலைக் குறைக்கிறது. கடன் 9,87,756 ரூபாயாக இறங்குகிறது. நவம்பர் மாத வட்டி இந்தத் தொகைக்குத்தான், ஆகவே 9,878 ரூபாய். வட்டி 122 ரூபாய் குறைந்தது. தவணை மாறவில்லை என்பதால் அசலுக்குப் போவது அதே 122 ரூபாய் கூடி 12,366 ரூபாயாகிறது. கடன் முடியும்வரை நடப்பது இந்த ஒரே வேலைதான். முதல் ஆறு மாதங்கள் இப்படி வரும்:

| வட்டி எந்த மாதத்துக்கு | தவணை கட்டும் நாள் | வட்டி | அசல் | மீதிக் கடன் |
|---|---|---|---|---|
| அக்டோபர் 2024 | நவம்பர் 1 | 10,000 | 12,244 | 9,87,756 |
| நவம்பர் | டிசம்பர் 1 | 9,878 | 12,366 | 9,75,390 |
| டிசம்பர் | ஜனவரி 1 | 9,754 | 12,490 | 9,62,900 |
| ஜனவரி 2025 | பிப்ரவரி 1 | 9,629 | 12,615 | 9,50,285 |
| பிப்ரவரி | மார்ச் 1 | 9,503 | 12,741 | 9,37,544 |
| மார்ச் | ஏப்ரல் 1 | 9,375 | 12,869 | 9,24,675 |

இந்தப் பட்டியலில் முதல் இரண்டு பத்திகளைத் தனித்தனியாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. வட்டி ஒரு மாதத்துக்கு உரியது, அது கட்டப்படுவதோ அடுத்த மாதம் முதல் தேதி. மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் கணக்காண்டு மாறும்போது இந்த வேறுபாடு வேலை செய்யப் போகிறது.

22,244 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 60 மாதங்கள் சமமாகக் கட்டி, 60ஆம் தவணையோடு மீதி சுழியாக வேண்டும் என்றால் தவணை எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடை அது. எக்செல் வைத்திருப்பவர்கள் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். கீழே முதல் வரி தவணையைத் தரும்; இரண்டாவது வரி 7ஆம் மாதம் முதல் 18ஆம் மாதம்வரை, அதாவது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரைக்குமான மொத்த வட்டியைத் தரும்.

```
=PMT(12%/12,60,-1000000)
=CUMIPMT(12%/12,60,1000000,7,18,0)
```

முதல் விடை 22,244.45 என்றும், இரண்டாவது விடை கழித்தல் குறியோடு ஏறத்தாழ 1,02,090 என்றும் வரும். வங்கி தவணையை முழு ரூபாயாக வைத்துக்கொள்வதால் ஆங்காங்கே சில ரூபாய் வேறுபடும், அந்தச் சில்லறை கடைசித் தவணையில் சரிசெய்யப்படும்.

தவணை முழுவதும் செலவல்ல

“மாசம் இருபத்திரண்டாயிரம் கையிலருந்து போவுதுலா, அது செலவில்லையா?” என்று அப்பளக்காரர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பணம் போவது உண்மை. ஆனால் லாப நட்டக் கணக்கு கேட்பது பணம் போனதா என்பதை அல்ல, சொத்து குறைந்ததா என்பதை. 10,00,000 ரூபாய் கடன் வந்த நாளில் அதை யாரும் வருமானமாகக் காட்டவில்லை. வரும்போது வருமானமாகாத தொகை, திரும்பிப் போகும்போது செலவாகவும் ஆகாது. அசல் கட்டுவதால் கையிருப்பு குறைகிற அளவுக்குக் கடனும் குறைகிறது, நிறுவனம் ஏழையாகவில்லை. வட்டி அப்படியல்ல, அது அடுத்தவர் பணத்தைப் பயன்படுத்தியதற்கான கூலி, போனால் போனதுதான். எனவே அது செலவு.

இயந்திரம் வாங்கிய செலவு வேறு வழியாக லாபத்திலிருந்து கழிகிறது, அதுதான் தேய்மானம். பொதுவான இயந்திரங்களுக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 விழுக்காடு, அதுவும் குறைந்துவரும் மதிப்பின்மேல். அசலையும் செலவாக எழுதி, தேய்மானத்தையும் எழுதினால் ஒரே இயந்திரத்தை இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

இந்தத் தவறு நிகழ்வது பெரும்பாலும் கணக்கு எழுதும் மேசையில்தான். வங்கியிலிருந்து மாதம் 22,244 ரூபாய் போனதைப் பார்த்து, டேலியில் செலவினங்களின் கீழ் ‘லோன் இ.எம்.ஐ.’ என்று ஒரு பேரேட்டைத் திறந்து, ஆண்டு முழுவதும் அதிலேயே எழுதிவிடுகிறார்கள். 2025-26இல் அப்படிச் செய்தால் 2,66,928 ரூபாய் செலவாகும். சரியான வட்டி 1,02,090 ரூபாய்தான். லாபம் 1,64,838 ரூபாய் குறைத்துக் காட்டப்படும். கூட்டு நிறுவனத்துக்கு வருமான வரி 30 விழுக்காடும் அதன்மேல் 4 விழுக்காடு செஸ்ஸும் என்பதால், குறைவாகக் கட்டிய வரி மட்டும் 51,429 ரூபாய். பின்னாளில் அதிகாரி கேட்கும்போது இதன்மேல் வட்டியும் அபராதமும் சேரக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் வரவேண்டியதில்லை. மார்ச் 31 அன்று உங்கள் புத்தகத்தில் கடன் கணக்கின் மீதி எவ்வளவு என்று பாருங்கள். அது இன்னும் 10,00,000 ரூபாயாகவே நின்றால், அசல் எங்கோ செலவில் போய் ஒளிந்திருக்கிறது. சரியான பதிவில் தவணை கட்டும்போது முழுத் தொகையும் கடன் கணக்கிலேயே பற்று ஆகும். மாத வட்டி தனிப் பதிவாக, வட்டிச் செலவுக்குப் பற்றும் கடன் கணக்குக்கு வரவுமாக எழுதப்படும். வங்கி தன் ஸ்டேட்மென்டில் செய்வதும் இதேதான் என்பதால், இப்படி எழுதும் கணக்கை வங்கியின் தாளோடு வரிக்கு வரி ஒப்பிடலாம்.

முதல் ஆண்டுக்கு மட்டும் உரிய இரண்டு சிக்கல்கள்

2024-25 கணக்காண்டில் இந்த நிறுவனம் கட்டியது ஐந்து தவணை, 1,11,220 ரூபாய். அந்த ஐந்தில் இருந்த வட்டி 48,764 ரூபாய். ஆனால் வட்டி ஓடியது அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம். மார்ச் மாதத்து 9,375 ரூபாயையும் சேர்த்தால் 58,139 ரூபாய். எதை எழுதுவது?

உரியதாகும் முறையில், அதாவது பணம் கைமாறிய நாளைப் பார்க்காமல் எந்தக் காலத்துக்கு உரியதோ அந்தக் காலத்தில் எழுதும் முறையில், கணக்கு வைத்திருப்பவர்களுக்கு விடை ஆறு மாத வட்டி. ஆனால் வங்கிக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தில் ஒரு கூடுதல் நிபந்தனை இருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43பி பிரிவின்படி, வங்கிக்குத் தரவேண்டிய வட்டி உண்மையில் கட்டப்பட்டிருந்தால்தான் கழிக்க முடியும். அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டாலும் போதும். மார்ச் வட்டி ஏப்ரல் 1 அன்றே போய்விட்டது, ஆகவே நிபந்தனை நிறைவேறிவிட்டது. மார்ச் 31 அன்று புத்தகத்தில் இருக்கவேண்டிய கடன், மீதி அசல் 9,37,544 ரூபாயும் மார்ச் வட்டி 9,375 ரூபாயும் சேர்ந்து 9,46,919 ரூபாய். மறுநாள் 22,244 ரூபாய் கட்டியதும் அது 9,24,675 ரூபாயாகி, மேலே உள்ள பட்டியலின் கடைசி வரியோடு பொருந்துகிறது. இந்த ஒரு கூட்டல் கழித்தல் பொருந்திவிட்டால் முதல் ஆண்டின் கடன் கணக்கு சரி என்று நம்பலாம்.

இரண்டாவது சிக்கல் பலர் கண்ணுக்குத் தப்புவது. இயந்திரம் வந்து, மின் இணைப்பு பெற்று, முதல் அப்பளத்தை உலர்த்தியது டிசம்பர் 1 அன்று என்று கொள்வோம். கடன் ஓடத் தொடங்கியதோ அக்டோபர் 1. ஒரு சொத்தை வாங்குவதற்காகக் கடன் பெற்றால், கடன் வாங்கிய நாளிலிருந்து அந்தச் சொத்து முதன்முதலில் பயன்பாட்டுக்கு வரும் நாள்வரை ஓடிய வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது என்று அதே சட்டத்தின் 36ஆம் பிரிவு சொல்கிறது. அது சொத்தின் விலையோடு சேரும். அக்டோபர், நவம்பர் இரண்டு மாத வட்டி 19,878 ரூபாய். இது இயந்திரத்தின் மேல் ஏறி, இயந்திரத்தின் விலை 12,69,878 ரூபாயாகிறது. முதல் ஆண்டு லாபத்திலிருந்து கழிக்கும் வட்டி 58,139 ரூபாய் அல்ல, டிசம்பர் முதல் மார்ச் வரைக்குமான 38,261 ரூபாய்தான்.

அந்த 19,878 ரூபாய் வீணாகிவிடவில்லை. தேய்மானமாக ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். முதல் ஆண்டில் இயந்திரம் 180 நாளுக்குக் குறைவாகவே ஓடியதால் தேய்மானம் பாதி வீதம், 7.5 விழுக்காடு, 95,241 ரூபாய். இயந்திரம் என்றைக்கு ஓடத் தொடங்கியது என்பதற்குச் சான்று வேண்டும் என்பதை இங்கே வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிறுவியவர் தந்த சான்றோ, மின் கட்டண ரசீதோ, முதல் நாள் உற்பத்திப் பதிவோ கோப்பில் இருந்தால் இரண்டு மாத வட்டியா மூன்று மாத வட்டியா என்ற விவாதத்துக்கே இடமிருக்காது.

ஆண்டுக்கு ஆண்டு வட்டி

மாதப் பட்டியலை 60 வரிக்கும் நீட்டி, மார்ச் மாதந்தோறும் கோடு போட்டுக் கூட்டினால் ஆண்டு வட்டி கிடைக்கும்.

| கணக்காண்டு | வட்டி ஓடிய மாதங்கள் | ஆண்டு வட்டி | மார்ச் வட்டியும் கட்டியபின் மீதிக் கடன் |
|---|---|---|---|
| 2024-25 | 6 | 58,139 | 9,24,675 |
| 2025-26 | 12 | 1,02,090 | 7,59,837 |
| 2026-27 | 12 | 81,185 | 5,74,094 |
| 2027-28 | 12 | 57,628 | 3,64,794 |
| 2028-29 | 12 | 31,083 | 1,28,949 |
| 2029-30 | 6 | 4,552 | 0 |

மொத்த வட்டி 3,34,677 ரூபாய். ஐந்து ஆண்டுக் கடனானாலும் அக்டோபரில் தொடங்கியதால் அது ஆறு கணக்காண்டுகளில் பரவுகிறது. மொத்த வட்டியை ஐந்தால் வகுத்து ஆண்டுக்கு 66,935 ரூபாய் என்று சமமாக எழுதிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படி எழுதினால் 2025-26, 2026-27 ஆண்டுகளில் உரிமையுள்ள வட்டியைக் கோராமல் விட்டுவிடுவோம், கடைசி ஆண்டுகளில் இல்லாத வட்டியைக் கோருவோம். அந்தக் கோரிக்கை எந்த ஆண்டிலும் வங்கியின் வட்டிச் சான்றிதழோடு பொருந்தாது.

இப்போது இந்தப் பட்டியலை ஏன் முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். நிறுவனம் எல்லாச் செலவும், பங்குதாரர் சம்பளமும் போக, கடன் வட்டியும் தேய்மானமும் கழிப்பதற்கு முன் ஒவ்வோர் ஆண்டும் 6,00,000 ரூபாய் மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுகளை மட்டும் அருகருகே வைக்கிறேன்.

2025-26இல் வட்டி 1,02,090 ரூபாய். முதல் ஆண்டுத் தேய்மானம் போக இயந்திரத்தின் மதிப்பு 11,74,637 ரூபாய், அதில் 15 விழுக்காடு 1,76,196 ரூபாய். இரண்டையும் கழித்தால் வரிக்குரிய லாபம் 3,21,714 ரூபாய். 2028-29இல் வட்டி 31,083 ரூபாயாக இறங்கிவிட்டது. தேய்மானமும் மதிப்போடு சேர்ந்து இறங்கி 1,08,206 ரூபாய்தான். வரிக்குரிய லாபம் 4,60,711 ரூபாய்.

கையில் நிற்கும் பணம் எவ்வளவு? இரண்டு ஆண்டுகளிலும் 6,00,000 ரூபாயிலிருந்து பன்னிரண்டு தவணைக்கு 2,66,928 ரூபாய் போகிறது, மிச்சம் 3,33,072 ரூபாய். ஒரு ரூபாய்கூட மாறவில்லை. 2025-26இல் வரிக்குரிய லாபம் கையிருப்பைவிடச் சற்றுக் குறைவு. 2028-29இல் அது கையிருப்பைவிட 1,27,639 ரூபாய் அதிகம். அதாவது கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்டவேண்டிய ஆண்டு அது. வரி வீதம் இப்போதுள்ளபடியே தொடர்ந்தால் 2025-26க்கு 1,00,375 ரூபாய், 2028-29க்கு 1,43,742 ரூபாய். அப்பளம் அதே அளவு விற்று, அதே தவணை கட்டி, வரி மட்டும் 43,367 ரூபாய் கூடுகிறது.

வியாபாரம் கூடாமலே வரி கூடுவதைப் பார்த்து, கணக்கர் ஏதோ பிழை செய்துவிட்டார் என்று நினைப்பவர்கள் உண்டு. பிழை இல்லை. கடனின் பின்பாதியில் தவணையின் பெரும்பகுதி அசலாகிவிட்டது, அசலுக்குக் கழிவு கிடையாது, அவ்வளவுதான். ஆனால் இது தெரியாமல் இருப்பதால் வரும் இடைஞ்சல் உண்மையானது: வருமான வரிக்கான முன்வரித் தவணைகளில் ஒன்று டிசம்பர் 15 அன்று விழுகிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் உற்பத்தி தளர்ந்து கையிருப்பு மெலிந்திருக்கும் நேரம் அது. கடன் வாங்கும் நாளிலேயே ஆண்டு வட்டிப் பட்டியலைப் போட்டுவைத்தால், நான்காம் ஐந்தாம் ஆண்டுகளுக்கு எவ்வளவு கூடுதலாக ஒதுக்கவேண்டும் என்பது நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிடும்.

அட்டவணையும் வங்கி ஸ்டேட்மென்டும் வேறுபடும்போது

மேலே போட்ட கணக்கில் எல்லா மாதங்களுக்கும் ஒரே வீதம், நூற்றுக்கு ஒரு ரூபாய். வங்கிகள் நாட்கணக்கில் வட்டி போடும்போது அப்படி வராது. அக்டோபருக்கு 31 நாள், ஆகவே 10,00,000 ரூபாய்க்கு வட்டி 10,192 ரூபாய். பிப்ரவரிக்கு 28 நாள். 9,50,285 ரூபாய்க்கு அட்டவணை 9,503 ரூபாய் சொல்லும்போது நாட்கணக்கு 8,748 ரூபாய்தான் சொல்லும். ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் சிறியது, ஆனால் மாதத்துக்கு மாதம் பொருந்தாததைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பெரிய வித்தியாசம் வட்டி வீதம் மாறுவதால் வருகிறது. 2019 அக்டோபர் 1 முதல் சிறு, குறு நிறுவனங்களுக்கு வங்கிகள் மாறும் வட்டியில் தரும் புதிய கடன்கள், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வீதம் போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்படுகின்றன. 2025இல் ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.50 விழுக்காட்டிலிருந்து படிப்படியாகக் குறைத்தபோது இத்தகைய கடன்களின் வட்டியும் இறங்கியது. அப்போது வங்கி தவணையை அப்படியே வைத்துவிட்டுக் காலத்தைக் குறைக்கலாம், அல்லது காலத்தை வைத்துக்கொண்டு தவணையைக் குறைக்கலாம். எதுவானாலும் கடன் தந்த நாளில் அச்சிட்டுக் கொடுத்த அட்டவணை அன்றோடு பழையதாகிவிடும். வீதம் மாறியதும் புதிய அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும். ஆண்டு முடிவில் லாபத்திலிருந்து கழிக்கும் தொகைக்கு ஆதாரம் வங்கியின் வட்டிச் சான்றிதழும் ஸ்டேட்மென்டும்தான். அட்டவணை என்பது எதிர்பார்ப்பு. அதை ஒப்பிட்டுப் பார்க்கவும் திட்டமிடவும் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டேட்மென்டில் பற்றாக வரும் எல்லா வரிகளும் வட்டி அல்ல. இயந்திரத்துக்கான காப்பீட்டுத் தொகையை வங்கியே கட்டிவிட்டுக் கடன் கணக்கில் ஏற்றியிருக்கலாம், ஆய்வுக் கட்டணம் எடுத்திருக்கலாம். இவை அந்தந்தச் செலவாகத் தனியே எழுதப்பட வேண்டும். தவணை தாமதமானதற்கான தண்டத்தொகையை வட்டி வீதத்தின்மேல் ஏற்றக்கூடாது, தனிக் கட்டணமாகவே வசூலிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 முதல் நடைமுறையில் இருப்பதால், அதுவும் தனி வரியாகவே தெரியும்.

தவணைகள் தவறினால் வட்டிக் கழிவும் தவறும். உதாரணமாக 2026 ஜனவரி முதல் தவணைகளை நிறுத்திவிட்டு, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிவரை கட்டவில்லை என்றால், பாக்கி நிற்கும் மாதங்களின் வட்டியை 2025-26 லாபத்திலிருந்து கழிக்க முடியாது. வங்கி அதைப் பற்று எழுதியிருப்பது போதாது. பின்னர் எந்த ஆண்டில் கட்டுகிறோமோ அந்த ஆண்டில் கழித்துக்கொள்ளலாம். பாக்கி வட்டியை வங்கி புதிய கடனாக மாற்றிக் கொடுத்தால், வட்டி கட்டப்பட்டதாக மேலோட்டத்துக்குத் தோன்றும். சட்டம் அதைக் கட்டியதாக ஏற்பதில்லை. அந்தப் புதிய கடனைத் திருப்பும்போதுதான் கழிவு கிடைக்கும்.

கடன் பணம் தொழிலுக்குத்தான் போனதா என்பதும் கேட்கப்படும். 10,00,000 ரூபாயில் 2,00,000 ரூபாய் அக்காவின் வீட்டு மாடிக்குப் போயிருந்தால், வட்டியில் ஐந்தில் ஒரு பங்கு தொழில் செலவாகாது. இயந்திரக் கடனை வங்கி விற்பவரின் கணக்குக்கே நேரடியாக அனுப்பிவிடும் வழக்கம் இந்த வகையில் நமக்கு நல்ல சான்றாக அமைகிறது.

இவ்வளவும் முறையான கணக்குப் புத்தகம் வைத்து, உண்மை லாபத்தைக் காட்டுபவர்களுக்கு உரியது. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருப்பவர்களும், ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாதபோது 3 கோடி ரூபாய்வரை இருப்பவர்களும் 44ஏடி பிரிவின்படி விற்பனையில் 8 விழுக்காட்டையும், வங்கி வழியாக வந்த பகுதிக்கு 6 விழுக்காட்டையும் குறைந்தபட்ச லாபமாகக் காட்டிவிடலாம். அந்த வழியில் போனால் வட்டி, தேய்மானம் எல்லாம் ஏற்கெனவே கழிந்துவிட்டதாகவே கொள்ளப்படும். 1,02,090 ரூபாய் வட்டியைத் தனியே கழிக்க இடமில்லை. கூட்டு நிறுவனமானால் பங்குதாரர் சம்பளத்தையும் கழிக்க முடியாது. அந்த வழியைத் தேர்ந்தவர் ஐந்து ஆண்டுகளுக்குள் விலகினால், அதற்கடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அதற்குத் திரும்ப முடியாது. கடனின் முதல் ஆண்டுகளில் வட்டியும் தேய்மானமும் மிகுந்திருப்பதால் உண்மை லாபம் குறைவாக இருக்கும், பின் ஆண்டுகளில் கூடும். எனவே எந்த வழி என்பதை ஓர் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மேலே போட்டதுபோல ஆறு ஆண்டுப் பட்டியலையும் ஆடிட்டர் முன் விரித்துவைத்துக் கேட்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. 2026-27 முதலான ஆண்டுகளுக்குப் புதிய எண்களின்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.